ஏரிக்கரைச் சாலை விளக்குகள்: பேரூராட்சிக்கு விண்நோக்குக் குழுவின் கோரிக்கைக் கடிதம்

16.11.2026

அனுப்புநர்:
ஒருங்கிணைப்பாளர், ஏரிக்கரை விண்நோக்குக் குழு, திருப்பத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர், மன்ற உறுப்பினர்கள் மற்றும் செயல் அலுவலர் அவர்கள், பேரூராட்சி அலுவலகம், திருப்பத்தூர் மாவட்டம்.

பொருள்: பெரிய ஏரிக்கரைச் சாலையில் ஆறு தெருவிளக்குகளின் வெளிச்சத்தைக் குறைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அமாவாசையை ஒட்டிவரும் சனிக்கிழமை இரவுகளில் பெரிய ஏரிக்கரை மேட்டில் தொலைநோக்கி வைத்து, வருகிற எல்லோருக்கும் கட்டணமில்லாமல் வானம் காட்டி வருகிறோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். துணைக்கு வரும் அம்மாக்களும் பாட்டிகளும் வரிசையில் நின்று சனிக் கோளின் வளையத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கரைச் சாலைக்கு எல்.இ.டி. விளக்கு வந்தது நல்லதே. பாம்புக்குப் பயந்து நடந்தவர்கள் இப்போது நிம்மதியாகப் போகிறார்கள். அவற்றை அணைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. மேட்டுக்கு எதிரே உள்ள ஆறு கம்பங்களில்தான் சிக்கல். விளக்குகள் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் வெளிச்சம் சாலையைத் தாண்டிக் கரைமேல் அடிக்கிறது. பிள்ளைகள் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு தொலைநோக்கியில் கண் வைக்கிறார்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். விளக்கு ஒருமுறை கண்ணில் பட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியிலிருந்து சுமார் 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வரும் ஒளி இந்த மேட்டில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. இப்போது தெரிவதில்லை.

அந்த ஆறு விளக்குகளையும் தரையைப் பார்க்கத் திருப்பி, பக்கவாட்டில் தகரத் தடுப்பு பொருத்தித் தர வேண்டுகிறோம். தடுப்புக்கான செலவைக் குழுவே ஏற்கும். உயரத்தில் ஏறிச் செய்யும் வேலையை மட்டும் தங்கள் மின்பணியாளர் செய்தால் போதும். இரவு 10 மணிக்குமேல் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யலாம். பழுதான விளக்கை மாற்றும்போது 3000 கெல்வினுக்கு மிகாத மஞ்சள் நிற விளக்காகப் போட்டால் பெரிய உதவி. வெள்ளை விளக்கில் நீல ஒளி கூடுதல். காற்றில் அதிகம் சிதறி வானத்தையே வெளுக்க வைப்பது அதுதான். பேருந்து நிறுத்தம், ஆரம்ப சுகாதார நிலையம், நாற்சந்தி விளக்குகள் எதையும் தொட வேண்டாம்.

லடாக்கின் ஹன்லேயில் 2022-இல் இருண்ட வான் காப்பகம் அறிவிக்கப்பட்டு, ஊர் மக்களே விளக்குகளை மறைத்து வைத்துக்கொள்கிறார்கள். நம் மாவட்டத்துக் காவலூரில் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் அருகில் வளரும் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் வானம் தெரியாமல் போகக் கூடாது என்பதே எங்கள் ஆதங்கம்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகல் பொழிவு உச்சம் தொடும். நிலாவும் முன்னிரவிலேயே மறைந்துவிடும். அதற்குள் மூன்று மாத வெள்ளோட்டமாகவேனும் அனுமதி தர வேண்டுகிறோம். பாதுகாப்புக் குறைவதாகப் பொதுமக்கள் யாரேனும் சொன்னால், பழையபடி மாற்றிக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. முடிவெடுக்கும் முன் ஒரு நாள் இரவு 8 மணிக்கு மன்ற உறுப்பினர்கள் மேட்டுக்கு நேரில் வந்து பார்க்கவும் அழைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒருங்கிணைப்பாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஏரிக்கரை விண்நோக்குக் குழு

இணைப்பு: ஆறு கம்பங்களின் வரைபடம், கரைச் சாலைக் குடியிருப்போர் கையொப்பம்.