படுக்கையறை மேற்கூரையில் நீர்க்கசிவு: பழுதுநீக்கித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு ஆண்டுகளாகக் குடியிருந்து வருகிறேன். எங்கள் படுக்கையறையின் மேற்கூரையில் நீர் கசிவது பற்றி எட்டு மாதங்களாக நேரிலும் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் தங்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் "ஆள் அனுப்புகிறேன்" என்று தாங்கள் சொன்னதை நம்பிக் காத்திருந்தேன். இனியும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருப்பது சரியாக இராது என்பதால் முழு விவரத்தையும் எழுத்தில் தருகிறேன்.

முதலில் உள்ளங்கை அளவுக்கு ஈரக்கறை தெரிந்தது. இரண்டாவது மாதம் தாங்கள் பெயின்டரை அனுப்பிப் பட்டி வைத்து வர்ணம் பூசச் செய்தீர்கள், அதற்கு நன்றி. ஆனால் ஏழே வாரத்தில் கறை முன்னைவிடப் பெரிதாக மேலே வந்துவிட்டது. அதில் பெயின்டர் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. தண்ணீர் மேலிருந்து வந்துகொண்டிருக்கும்போது கீழே எத்தனை முறை பூசினாலும் நிற்காது.

மழைநீர் வெளிச்சுவர் வழியாக இறங்குகிறது என்று தாங்கள் கருதினீர்கள். எனக்கும் முதலில் அந்த எண்ணம்தான் இருந்தது. அதனால் கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வைக்கத் தொடங்கினேன். இப்போது அங்கே ஒன்றைச் சுற்றி ஒன்றாக நான்கு கோடுகள் இருக்கின்றன, கடைசிக் கோடு மின்விசிறியைத் தாண்டி விளக்கு வரை வந்துவிட்டது. சென்ற மாதம் மாடி வீட்டுக் குடும்பத்தினர் பன்னிரண்டு நாள் ஊரில் இல்லை. ஆறாவது நாளுக்குள் ஈரம் காய்ந்து சுண்ணாம்பு வெளுத்தது. இடையில் இரண்டு நாள் நல்ல மழை பெய்தும் கறை திரும்பவில்லை. அவர்கள் வந்த மறுநாள் மாலையே கை வைத்தால் ஈரம் ஒட்டியது. மாடிக்கு வரும் தண்ணீர்க் குழாயில் ஓட்டை இருந்தால் வீட்டில் ஆள் இல்லாதபோதும் கசிந்திருக்கும். ஆகவே, மாடி வீட்டுக் குளியலறைத் தரையிலிருந்து கழிவுநீர் வடியும் குழாயின் இணைப்பிலோ தரை ஓடுகளின் இடுக்குகளிலோதான் பழுது இருக்க வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

இதை இனியும் தள்ளிப்போட முடியாததற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. சென்ற செவ்வாய்க்கிழமை பகலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து, தலையணை இருந்த இடத்திலேயே விழுந்தது. அந்நேரம் அறையில் யாரும் இல்லாதது எங்கள் நல்ல காலம். விழுந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறது. துரு ஏற ஏறக் கம்பி பருத்துச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும் என்பதால், இன்று குழாய் இணைப்போடு முடியக்கூடிய செலவு நாளை தளத்தையே செப்பனிடும் செலவாக வளரும். இரண்டாவதாக, விளக்கைச் சுற்றி ஈரம் இறங்கியதால் மெயின் அடிக்கடி டிரிப் ஆனது. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்து, அந்த அறைக்கான மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் போயிருக்கிறார். கட்டிலை இழுத்துக் கூடத்தில் போட்டிருக்கிறோம். முழு வீட்டுக்கும் வாடகை தருகிறோம், ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது.

கட்டடத்தின் பெரிய பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு என்று நம் வாடகை ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு சொல்கிறது. ஒரு மாதமும் தவறாமல் வாடகை செலுத்தி வந்திருக்கிறேன், இனியும் செலுத்துவேன். இக்கடிதம் கிடைத்த ஏழு நாள்களுக்குள் பிளம்பரையும் கொத்தனாரையும் அனுப்பிப் பார்வையிடச் செய்து, முப்பது நாள்களுக்குள் வேலையை முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே கசிவை அடைத்து, தளம் நன்றாகக் காய்ந்த பிறகு கம்பியின் துருவை நீக்கிக் காரை பூசி, மின்கம்பிகளைச் சோதித்து, கடைசியாக வர்ணம் அடிக்க வேண்டும். வர்ணத்தில் தொடங்கி வர்ணத்திலேயே முடியும் வேலையை இம்முறை என்னால் ஏற்க இயலாது.

மூன்று நாள் குளியலறையைப் பயன்படுத்தாமல் விட்டுத்தர மாடி வீட்டார் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முந்தைய நாளே சொல்லிவிட்டால், வேலையாள்கள் வரும் நேரத்தில் நானும் வீட்டில் இருப்பேன்.

மேற்சொன்ன ஏழு நாள்களுக்குள் பதில் வராவிட்டால், இரண்டு இடங்களில் மதிப்பீடு வாங்கித் தங்களுக்கு அனுப்பி, அவற்றில் குறைந்த செலவில் வேலையைச் செய்வித்து, ரசீதுகளுடன் அத்தொகையை வாடகையில் கழித்துக்கொள்ளத் தங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கோருவேன். அதுவும் கிடைக்காத நிலையில் வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் அலுவலகத்தில் முறையிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இராது. நான்கு ஆண்டுகளாக ஒரு மனக்கசப்பும் இல்லாமல் இருக்கும் நமக்குள் அந்த நிலை வராது என்றே நம்புகிறேன்.

பென்சில் கோடுகளும் பெயர்ந்த காரையும் தெரியும் ஆறு புகைப்படங்களையும், எலெக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த குறிப்பையும் இத்துடன் இணைத்துள்ளேன். வேலையாள்கள் வரும் நாளைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்த்தள வீட்டில் குடியிருப்பவர்