குர்ஆனைச் சுமந்து போகும் பிள்ளைகளுக்கு: வழியனுப்பு உரை

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ஜமாஅத் பெரியவர்களே, உஸ்தாத்மார்களே, வாப்பா உம்மாமார்களே, குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து இன்று ஹாபிழாகத் தலைப்பாகை கட்டிக்கொண்ட என் 11 பிள்ளைகளே!

பிள்ளைகளுக்கு முன்னால் உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மேலப்பாளையத்தில் பீடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலையில் தூளை நிரப்பிச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே மகனின் ஓதலைக் கேட்ட உம்மாமார் இங்கே இருக்கிறீர்கள். லீவுக்கு வந்த பிள்ளை ஓதும்போது எழுத்து தெரியாவிட்டாலும், அவன் எங்கே தயங்குகிறான் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். "இன்னொரு தடவ ஓது வாப்பா" என்பீர்கள். இந்த ஸனதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

சரி, இனி பிள்ளைகளுக்கு.

30 ஜுஸ்உவும் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு கட்டிய ஒட்டகத்தைவிட வேகமாகக் குர்ஆன் நெஞ்சைவிட்டு நழுவிவிடும், அதைப் பேணிக்கொள்ளுங்கள் என்றார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம். இதுவரை நான் பிரம்போடு எதிரில் உட்கார்ந்திருந்தேன். சபக் கொடுக்காமல் சாப்பிடப் போக முடியாது. நாளை முதல் கேட்க ஆள் இல்லை. கல்லூரிக்குப் போவீர்கள், கடையில் நிற்பீர்கள், சிலர் துபாய்க்கும் போவீர்கள். எங்கே போனாலும் ஃபஜ்ருக்குப் பிறகு ஒரு ஜுஸ்உ தவ்ர். காய்ச்சல் நாளில் பாதி. ஒன்றுமே ஓதாத நாள் மட்டும் வேண்டாம். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்னால் அரக்கப்பரக்கப் புரட்டிக்கொள்ளலாம் என்று இருப்பவர், அல்பகராவின் 48ஆம் ஆயத்தில் தொடங்கி 123ஆம் ஆயத்துக்குத் தாவிவிடுவார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வாசகம்தான்; ஒன்றில் ஷஃபாஅத் முதலில் வரும், மற்றதில் அத்ல் முதலில் வரும். அந்த இடத்தில் நீங்கள் எல்லோருமே என்னிடம் நின்றிருக்கிறீர்கள்.

இனி லுக்மாவைப் பற்றி. எனக்கு இதைச் சொல்லத்தான் அதிக ஆசை.

தராவீஹில் நீங்கள் முன்னால் நிற்பீர்கள். ஒரு இடத்தில் நாக்கு நின்றுவிடும், அல்லது வேறு சூராவுக்குப் போய்விடும். பின்னால் முதல் ஸஃப்பிலிருந்து ஒரு சின்னப் பையன் எடுத்துக் கொடுப்பான். அந்த நேரத்தில் உங்கள் மனசு என்ன செய்கிறது என்று பாருங்கள். கேட்டும் கேட்காததுபோல் மேலே ஓதுகிறதா? ஸலாம் கொடுத்ததும் திரும்பி அவனை முறைக்கிறதா? அப்படியானால் குர்ஆன் நாக்கில்தான் இருக்கிறது. நின்று, திருத்தி, திரும்ப ஓதுங்கள். தொழுகை முடிந்ததும் அந்தப் பையனை அழைத்து, "ஜஸாகல்லாஹ் தம்பி" என்று சொல்லுங்கள். அவன் திருத்தியது அல்லாஹ்வின் வார்த்தையை. அதில் உங்களுக்கு என்ன கௌரவக் குறைவு?

மக்காவிலிருந்து முதலில் ஹிஜ்ரத் போனவர்களுக்குக் குபாவில் இமாமத் செய்தவர் ஸாலிம் ரலியல்லாஹு அன்ஹு. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். பின்னால் நின்றவர்களில் உமர் ரலியல்லாஹு அன்ஹுவும் உண்டு. ஸாலிமுக்குத்தான் அதிகம் குர்ஆன் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. குலமும் பணமும் அங்கே பேசவில்லை. அதே குர்ஆனை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "நான் ஹாபிழ், எனக்கு முன் வரிசையில் நாற்காலி போடவில்லை" என்று கல்யாண வீட்டில் முகம் சுளிக்கலாமா?

நபியவர்கள் காலத்தில் காரீகள் என்றே பெயர் பெற்ற 70 அன்ஸாரிகள் இருந்தார்கள். இரவில் ஓதுவார்கள், தொழுவார்கள். பகலில் தண்ணீர் கொண்டுவந்து பள்ளியில் வைப்பார்கள், விறகு வெட்டி விற்பார்கள், அந்தக் காசில் திண்ணைத் தோழர்களுக்கும் ஏழைகளுக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார்கள். பிஃரு மஊனாவில் அவர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, நபியவர்கள் ஒரு மாதம் குனூத் ஓதினார்கள். குர்ஆன் சுமந்த தோளில்தான் விறகும் இருந்தது, பிள்ளைகளா.

நம் ஊர்ப்பக்கமும் அதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டு, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பள்ளிவாசல் கதவைத் திறந்து, எந்த மதம் என்று கேட்காமல் தங்க வைத்துச் சோறு போட்டார்கள் நம் மக்கள். இனி அப்படி ஒரு நாள் வந்தால் (வராமல் அல்லாஹ் காக்கட்டும்) அண்டா தூக்குகிறவர்களில் முதல் ஆள் ஹாபிழாக இருக்க வேண்டும். வெள்ளம் வராத நாளிலும் வேலை இருக்கிறது. தெருவில் கண் தெரியாத பெரியவருக்கு யாஸீன் ஓதிக் காட்டுங்கள். ஓதியதற்குக் காசு கேட்காதீர்கள். வீட்டில் உம்மாவுக்குத் தண்ணீர்க் குடத்தை எடுத்துக் கொடுங்கள்.

இந்த ரமலானில் எந்தெந்தப் பள்ளியில் தொழ வைக்கிறீர்கள் என்று போகுமுன் அலுவலக நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். நான் வந்து பின்னால் நிற்பேன், லுக்மாவும் கொடுப்பேன்.

அல்லாஹ் உங்கள் நெஞ்சிலிருந்து இதை எடுத்துவிடாமல் இருப்பானாக. உங்களைச் சுமந்த வாப்பா உம்மாவுக்கு மறுமையில் கிரீடம் அணிவிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.