நான்கு பாம்பு, நான்கு சுவரொட்டி, ஒரே மருந்து

அச்சகத்துக்கும் ஒட்டப் போகும் தோழர்களுக்கும்:

அளவும் எழுத்துருவும் நான்கிலும் ஒன்றே. மேலே இடமும் நேரமும், நடுவில் பாம்பின் நிஜப் படம், அடியில் மஞ்சள் பட்டை. பின்னணி நிறம் மட்டும் மாறும். படமெடுத்த பாம்பை நான்கிலும் போட்டுவிடாதீர்கள். படமெடுப்பது நல்ல பாம்பு மட்டும்தான். ஐப்பசி மழைக்கு முன் ஒட்டி முடிக்க வேண்டும்.

மஞ்சள் பட்டை (நான்கிலும் எழுத்து மாறாமல்)

பாம்பு கடித்தால் 108. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டாம்: இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அரசு மருத்துவமனையில் இலவசம்.

1. வயல். அறுப்பு நேரம்.
(வைக்கோல் நிறம். நெல் கொள்முதல் நிலையம்)

கண்ணாடி விரியன். பழுப்பு உடம்பில் மூன்று வரிசை வட்டங்கள், சங்கிலி கோத்தாற்போல. மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுத்தவர்கள் உண்டு. ஆள் வந்தாலும் நகராமல் கிடக்கும். குக்கர் போலச் சீறும். கடித்த இடம் வீங்கும், ஈறில் ரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகலாம். கட்டைத் தூக்குமுன் கம்பால் தட்டுங்கள். காலில் பூட்ஸ் போடுங்கள்.

2. கல்மேடு. ஆடு மேய்க்கும் வேளை.
(செம்மண் நிறம். பேருந்து நிறுத்தம்)

சுருட்டை விரியன். சிறியதுதான், ஆனால் ரத்தத்தை உறையவிடாது. சுருண்டு, செதில்களை உரசி ரம்பம் அறுப்பது போல ஒலி எழுப்பும். கல் இடுக்கில் வெறுங்கையை விடாதீர்கள்.

3. கோழிக்கூடு. எலி வரும் நேரம்.
(பச்சை. பள்ளிச் சுவர்)

நல்ல பாம்பு. அது தேடி வருவது பாலை அல்ல, எலியை. தானியத்தை மூடி வையுங்கள், விறகை வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். கடித்தால் வலியும் வீக்கமும் வரும். பிறகு இமை தொங்கும், மூச்சு முட்டும்.

4. பாய். நள்ளிரவு.
(கறுப்பு. ரேஷன் கடை, கோயில் வாசல், ஒவ்வொரு தெருமுனையும். இதை மட்டும் இரட்டிப்பாக அடியுங்கள்)

கட்டு விரியன். பளபளக்கும் கறுப்பு, மெல்லிய வெள்ளைக் கட்டுகள். பகலில் பதுங்கியிருக்கும், இரவில் தரையில் படுத்தவரைத் தூக்கத்திலேயே கடிக்கும்.

பல்தடம் தெரியாமல் போகலாம். வீக்கம் இருக்காது. எறும்பு கடித்தது என்று புரண்டு படுத்துவிடுவோம்.

விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி. இமை தூக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. பேச்சு குழறுகிறது. அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். அடுத்து நிற்பது மூச்சு.

கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டி, நாலு பக்கமும் பாய்க்கு அடியில் செருகுங்கள். ராத்திரி வெளியே போனால் டார்ச் வேண்டும்.

தரையில் படுத்தவருக்கு இமை தொங்கினால், தடம் தேடாதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.