உள்ளாட்சி அமைப்புகள்: சூழலைப் படித்து விடை எழுதுக

பாட வரிகளை அப்படியே எழுத வேண்டாம். உங்கள் ஊரை மனதில் வைத்துக் காரணத்தோடு எழுதுங்கள்.

1. மேலூர் பக்கம் ஓர் ஊராட்சி. கடைசித் தெருவுக்கு மட்டும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது. அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு பாட்டி இதைச் சொல்ல எழுகிறார். "நீங்க வார்டு மெம்பர் இல்லையே, உட்காருங்கம்மா" என்கிறார் ஒருவர்.

அ) கிராம சபையின் உறுப்பினர்கள் யார்? பாட்டி பேசலாமா?

ஆ) அவருடைய கோரிக்கையைத் தீர்மானமாக நான்கு வரிகளில் எழுதுங்கள். எந்தத் தெரு, என்ன குறை, எந்தத் தேதிக்குள் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். இவை இல்லாத தீர்மானத்தை வைத்து அப்புறம் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

இ) நவம்பர் 1 கூட்டம் வரைக்கும் தண்ணீர் வரவில்லை. பாட்டி எதைக் காட்டிக் கேட்க வேண்டும்?

2. செல்லூரில் உங்கள் சித்தப்பா வீட்டு முன்னால் வடிகால் அடைத்துக்கொண்டது. அவர் ஊராட்சி ஒன்றியத்துக்கு மனு எழுதுகிறார். மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள் உண்டு. சரி, மனு யாருக்குப் போக வேண்டும்?

3. ஓர் ஊராட்சித் தலைவர் பெண். கூட்டத்தில் அவருடைய கணவரே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார். பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு ஏன் வந்தது என்பதோடு இணைத்து, அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எழுதுங்கள். இதற்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம்.

4. அக்காவுக்கு வயது 19. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாமா? போட்டியிடலாமா?