ஐந்தாம் நாள் காய்ச்சல், மஞ்சள் கண்: புதன்கிழமை வார்டு சுற்றுக்கான கேள்விகள்

ஆண்கள் வார்டு, 7ஆம் கட்டில். இவருக்குத் தமிழ்தான் வசதி, அதனால் கட்டிலருகே தமிழிலேயே பேசுவோம். "அண்ணே, உங்க நோயைப் பத்திப் பேசலாமா?" என்று கேட்டுவிட்டு ஹவுஸ்மேன் தொடங்கட்டும்.

நோயாளிக்கு 46 வயது, 62 கிலோ. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு. மெட்பார்மினும் பெரிண்டோப்ரிலும் சாப்பிடுகிறார். சனிக்கிழமை காய்ச்சலும் கடும் உடம்புவலியும் தொடங்கின. வெளியே ஒரு கிளினிக்கில் டெங்கி என்று சொல்லி, வலிக்கு டைக்ளோபெனாக் ஊசி போட்டார்கள். நேற்று இரவு இங்கே வந்தார். காய்ச்சல் 38.9, நாடி 118, ரத்த அழுத்தம் 96/58, மூச்சு 26, ஆக்சிஜன் அளவு 94%. 12 மணி நேரத்தில் சிறுநீர் 300 மில்லி.

முதல் கேள்வி: இவருடைய வேலையைப் பற்றி என்ன கேட்டீர்கள்? "தோட்டத் தொழிலாளி" என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். பூட்ஸ் போட்டாரா, காலில் புண் உண்டா, வடிகால் தண்ணீரில் இறங்கினாரா, எலி நடமாட்டம் எப்படி, குரங்குகள் வருமா, காட்டோரம் படுத்தாரா? இடது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே, முள் குத்தி வாய் பிளந்த ஒரு கீறல் இருக்கிறது. சேர்க்கைத் தாளில் அதைக் காணோம். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தவர் யார்?

அடுத்து கண். மஞ்சள் மட்டும்தானா? வெண்விழி சிவந்திருக்கிறது, பீளை இல்லை. கெண்டைக்காலை மெதுவாக அழுத்தினால் முகம் சுளிக்கிறார். இவை இரண்டும் உங்கள் பட்டியலில் எந்த நோயை மேலே தூக்குகின்றன?

இனி ரத்த முடிவுகள். வெள்ளணு 14.2, தட்டணு 62, ஹெமடோகிரிட் 37%, கிரியாட்டினின் 312, பொட்டாசியம் 3.2, பிலிருபின் 118, ஏஎல்டி 84, சிகே 1,900. டெங்கி என்எஸ்1 நெகட்டிவ். முதல் மலேரியா ரத்தப்பூச்சில் ஒன்றுமில்லை. படத்தில் இரு நுரையீரலிலும் சிறு திட்டுகள்.

ஐந்தாம் நாளில் என்எஸ்1 நெகட்டிவ் என்றால் டெங்கியை அடித்துவிடலாமா? முன்பே ஒருமுறை டெங்கி வந்தவருக்கு அந்தச் சோதனை ஏமாற்றும். அப்படியானால் இவருக்கு டெங்கி இல்லை என்று வேறு எதை வைத்து வாதாடுவீர்கள்? பிலிருபின் இவ்வளவு ஏறியும் ஏஎல்டி ஏன் அடங்கியே இருக்கிறது? சிறுநீரகம் பழுதானால் பொட்டாசியம் ஏறத்தானே வேண்டும், இவருக்கு ஏன் இறங்கியது? இந்தக் கேள்வியில் அவசரம் வேண்டாம், சிறுநீரகக் குழாயில் சோடியம் எங்கே நழுவுகிறது என்று படம் வரைந்து காட்டுங்கள்.

எலிக்காய்ச்சல் என்று எல்லாரும் தலையாட்டிய பிறகும் மற்ற மூன்றை விடாதீர்கள். நோலெசி மலேரியாவுக்கு ஒரு பூச்சு போதுமா, நுண்ணோக்கியில் அது எந்த மலேரியா போலத் தெரியும்? உண்ணிக்காய்ச்சலின் கருந்தழும்பை அக்குளிலும் தொடையிடுக்கிலும் தேடினீர்களா? இனிப்புநீர், நுரையீரல் திட்டுகள், மண்ணோடு வேலை: மெலியோய்டோசிஸ் ஏன் உங்கள் பட்டியலில் இல்லை?

சோதனைகள்: முதல் டோஸ் மருந்துக்கு முன் எந்த ரத்தக் குப்பிகள் எடுக்கப்பட வேண்டும்? லெப்டோ ஐஜிஎம் இன்று நெகட்டிவ் வந்தால் சிகிச்சையை நிறுத்துவீர்களா? பிசிஆருக்கு இந்த வாரம் ஏன் உகந்தது, எம்ஏடி சோதனைக்கு ஏன் இரண்டாவது ரத்தம் வேண்டும்?

சிகிச்சை: செப்டிரியாக்சோன் தொடங்கினோம். டாக்சிசைக்ளின் சேர்த்தது எந்த நோயை மனதில் வைத்து? நாளை கல்ச்சரில் பர்க்கோல்டேரியா வளர்ந்தால் செப்டிரியாக்சோன் ஏன் போதாது, எதற்கு மாறுவீர்கள்? முதல் டோஸ் போன இரண்டு மணி நேரத்தில் நடுக்கம் வந்து அழுத்தம் இன்னும் இறங்கினால், அது மருந்தின் எதிர்வினையா, நோய் முற்றுகிறதா? இரண்டுக்கும் நீங்கள் அடுத்த நிமிடம் செய்வது என்ன? வீட்டு மருந்துகளில் எவற்றை ஏன் நிறுத்தினீர்கள்? டைக்ளோபெனாக் இந்தச் சிறுநீரகத்துக்கு என்ன செய்திருக்கும்?

சலைன் கேள்விதான் எனக்கு மிகவும் கவலை. அழுத்தம் தண்ணீர் கேட்கிறது, நுரையீரல் வேண்டாம் என்கிறது. எத்தனை மில்லி, எவ்வளவு நேரத்தில், எதைப் பார்த்து நிறுத்துவீர்கள்? இரவு இரண்டு மணிக்கு ஆக்சிஜன் 89%க்கு இறங்கி எச்சிலில் ரத்தம் தெரிந்தால், யாரை முதலில் கூப்பிடுவீர்கள்? ஈப்போவுக்கு அனுப்ப அதுவரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே பேசிவைப்பதா?

மலேசியாவில் எலிக்காய்ச்சல் 2010 முதல் அறிவிக்க வேண்டிய நோய். படிவம் போயிற்றா? அதே லயத்தில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்று அவர் மனைவியிடம் கேட்டீர்களா?

கடைசிக் கேள்விக்கு எனக்கல்ல, இவருக்குப் பதில் சொல்லுங்கள். நேற்று இரவு நர்ஸிடம், "கிட்னி போயிருச்சா? காலம் பூரா ரத்தம் கழுவணுமா?" என்று கேட்டிருக்கிறார். எலிக்காய்ச்சலில் கெட்ட சிறுநீரகம் பிழைத்தவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பிவிடுகிறது. இவருக்கோ இனிப்புநீரும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல், கட்டில் ஓரமாக உட்கார்ந்து, இவரிடம் என்ன சொல்வீர்கள்?