கூடுவோம், கூட்டுவோம், கட்டுவோம், காட்டுவோம்

(தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டி வைக்க. புதிதாகச் சேருகிறவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டவும்.)

நம் மகளிர் குழுக் கூட்டம் தொடங்கியதும் ஊக்குநர் கேட்பார், எல்லாரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்:

செவ்வாய்க்கிழமை ஆனா? — கூடுவோம்!
அம்பதும் அம்பதும்? — கூட்டுவோம்!
வாங்கின கடனை? — கட்டுவோம்!
எழுதின கணக்கை? — காட்டுவோம்!

அவ்வளவுதான் நம் குழுவின் முழக்கம். சுவரில் எழுதும்போது கேள்விகள் வேண்டாம், நாலு சொல் மட்டும் போதும்.

முன்பு நமக்கு ஒரு முழக்கம் இருந்தது. பேனரில் பெரிய எழுத்தில் இருந்தது, அதில் 'மேம்பாடு' என்றும் 'தன்னம்பிக்கை' என்றும் வந்தது. மூன்று வருஷம் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தோம். போன மாதம் வங்கியிலிருந்து பார்க்க வந்தவர், "உங்க குழுவோட கொள்கை என்னம்மா?" என்று கேட்டார். பதினாறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பேனர் அன்றைக்குத் துவைக்கப் போயிருந்தது. அதனால்தான் இந்த வேலை.

நாலு சொல்லும் கூட்டம் நடக்கிற வரிசையிலேயே வருகின்றன. முதலில் வந்து உட்காருகிறோம். பிறகு சந்தா வசூல். அடுத்து கடன் தவணை. கடைசியில் கணக்கை உரக்க வாசிப்பது. 'கட்டுவோம்' முதலில் வர வேண்டும், அதுதான் முக்கியம் என்று ஒரு அக்கா சொன்னார். முக்கியம்தான், ஆனால் கூடாமல் எங்கே கட்டுவது? பேசிப் பார்த்து வரிசையை இப்படியே விட்டோம்.

கூடுவோம்: வாரா வாரம் செவ்வாய், சாயங்காலம் ஆறு மணி. கணவர் கையிலோ பிள்ளை கையிலோ பணத்தைக் கொடுத்து அனுப்பினால் சந்தா வரவில் ஏறும், வருகைப் பதிவில் ஏறாது. உடம்பு சரியில்லை, சாவு, பிரசவம் என்றால் சொல்லி அனுப்பினால் போதும்.

கூட்டுவோம்: ஆளுக்கு வாரம் 50 ரூபாய். பதினாறு பேருக்கு 800. வருஷத்துக்கு 52 வாரம், 41,600 ரூபாய். முதல் வருஷம் இந்தத் தொகையை வாசித்தபோது ஒருத்தரும் நம்பவில்லை, கால்குலேட்டரை வாங்கி மறுபடி தட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பணத்தை ஒருவரும் தனியாகக் கையில் பிடித்துப் பார்த்ததில்லை.

கட்டுவோம்: நம் உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 10,000 வாங்கி மாதம் ஆயிரமாகப் பத்து மாதத்தில் அடைத்தால், முதல் மாத வட்டி 100, அடுத்த மாதம் 90, அப்படியே குறைந்து கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். அதே பத்தாயிரத்தை வெளியே அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 500 போகும். பத்து மாதத்தில் ஐயாயிரம் கொடுத்த பிறகும் அசல் அப்படியே நிற்கும். நம்மில் ஏழு பேர் இதைக் கட்டிப் பார்த்தவர்கள், அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தவணை கட்ட முடியாத வாரம் வரத்தான் செய்யும். அதைக் கூட்டத்தில் வந்து சொன்னால் நாள் தள்ளித் தருவோம். வராமல் ஒளிந்துகொள்வதுதான் தப்பு.

காட்டுவோம்: இந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் பாஸ்புக்கும் கணக்கு நோட்டும் ஒரே வீட்டு பீரோவில் இருந்தன. கேட்டால் "நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வரும். நம்பிக்கை இல்லை என்று யார் வாய்விட்டுச் சொல்வது? கேட்காமலே இருந்தோம். கடைசியில் பார்த்தபோது பணம் ஒன்றும் தொலைந்திருக்கவில்லை, ஐந்து மாத வரவு எழுதாமல் கிடந்தது, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் நாலு பேர் விலகிவிட்டார்கள், இரண்டு பேர் இன்றைக்கும் பேசிக்கொள்வதில்லை. இப்போது நோட்டு ஒரு வீட்டில், பாஸ்புக் இன்னொரு வீட்டில், பணப்பெட்டிச் சாவி மூன்றாவது வீட்டில். கூட்டம் முடிகிற நேரத்தில் மூன்றும் நடுவில் வைக்கப்படும். படிக்கத் தெரியாதவர் பக்கத்தில் படிக்கத் தெரிந்தவர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்தை விரல் வைத்துக் காட்ட வேண்டும். கேட்கிறவரிடம் "நம்பிக்கை இல்லையா" என்று யாரும் திருப்பிக் கேட்கக் கூடாது.

நம்மை மதிப்பிட வருகிற வங்கிக்காரர்கள் ஐந்து விஷயம் பார்ப்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவணை, கணக்குப் புத்தகம். பஞ்ச சூத்திரம் என்பார்கள். நம் முழக்கத்தில் நாலுதான் இருக்கிறது, கடன் கொடுப்பது விட்டுப்போயிற்றே என்று பிரதிநிதி கேட்டார். சரி என்று 'நீட்டுவோம்' சேர்த்துச் சொல்லிப் பார்த்தோம். கூடுவோம், கூட்டுவோம், நீட்டுவோம். பின் வரிசையில் சிரிப்பு அடங்கவே இல்லை. கை நீட்டுவது என்றால் ஒன்று பிச்சை, இல்லாவிட்டால் அடி. இரண்டும் வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். கூட்டுகிற பணம் கொடுக்கத்தானே, அது அதிலேயே அடங்கிவிடும்.

இந்த முழக்கம் தேறுமா என்று சோதித்தது நம் குழுவின் மூத்த பாட்டியிடம். அவருக்கு எழுத்து தெரியாது. ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டினோம். அவர் சுட்டுவிரலை மடக்கி 'கூடுவோம்' என்றார், அடுத்தடுத்து மடக்கிக்கொண்டே போய்ச் சுண்டுவிரலில் 'காட்டுவோம்' என்று நிறுத்தினார். பிறகு நீட்டிக்கொண்டிருந்த கட்டைவிரலைப் பார்த்து, "இது மிச்சமிருக்கே... இருக்கட்டும், ரேகை வைக்க வேணும்ல" என்றார். அடுத்த செவ்வாய் வந்து கேட்டோம். ஒரு சொல் மாறவில்லை.

தருமபுரியில் 1989-இல் தமிழ்நாட்டின் முதல் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் நம் ஊக்குநர் பிறக்கவே இல்லை, பாட்டிக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். இருவரும் ஒரே மூச்சில் சொல்ல வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நாம் வைத்துக்கொண்ட அளவுகோல்.

சொல்லும்போது ஒரு கவனம்: 'கட்டுவோம்' குறில், 'காட்டுவோம்' நெடில். அவசரத்தில் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். கடைசிச் சொல்லை நன்றாக இழுத்துச் சொல்லவும்.

சுவரில் எழுதுவது: கூட்டம் நடக்கும் திண்ணைக்கு மேலே, வெள்ளையடித்த இடத்தில், நீல எழுத்து, ஒரு சொல்லுக்கு ஒரு வரி, தெருவிலிருந்து படிக்கிற அளவு. கீழே குழுவின் பெயர் சின்னதாக. தலைவர்கள் படம் வேண்டாம், யார் பெயரும் வேண்டாம்.

தீர்மானம் பதினாறு பேரும் ஏற்றது. கையெழுத்து பதிமூன்று, ரேகை மூன்று. சுண்ணாம்பு, பெயிண்ட், பிரஷ் செலவு 640 ரூபாய். ரசீது அடுத்த பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.