நூலகப் பட்டியல் மாற்றத் திட்டக்குழு: 6ஆவது கூட்டக் குறிப்பும் பணிப் பட்டியலும்

நாள்: 11 பிப்ரவரி 2026, புதன், பிற்பகல் 3.00 முதல் 4.40 வரை
இடம்: நூலகக் கூட்ட அறை
தலைமை: கலைச்செல்வி (தலைமை நூலகர்)
வந்தவர்கள்: ஆனந்த் (திட்ட ஒருங்கிணைப்பாளர்), பரிமளா (பட்டியலாக்கப் பிரிவு), இஸ்மாயில் (கணினிப் பிரிவு), ஜெனிபர் (நூல் வழங்கும் பிரிவு), சரவணன் (உதவி நூலகர், குறிப்பு எழுதியவர்)
வராதவர்: தணிகை (கணக்குப் பிரிவு), முன்பே சொல்லியிருந்தார்

1. சென்ற கூட்டக் குறிப்பு

28 ஜனவரி கூட்டக் குறிப்பு ஒரு திருத்தத்துடன் ஏற்கப்பட்டது. பழைய மென்பொருளின் தரவை "நிறுவனம் கட்டணமின்றித் தரும்" என்று அதில் இருந்தது. "கேட்டுப் பார்க்கிறேன்" என்றுதான் சொன்னதாக இஸ்மாயில் சொன்னார். அப்படியே மாற்றப்பட்டது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. தரவு கையில் இருக்கிறது என்பதால் விஷயம் முடிந்தது.

2. நிலுவைப் பணிகள்

சென்ற முறை ஒப்புக்கொண்டவற்றில், நாம் மாறவிருக்கும் புதிய நூலக மென்பொருளான கோஹாவுக்குச் சோதனை சர்வர் நிறுவுதல் (5.1), 500 பதிவுகளை மாதிரியாக ஏற்றுதல் (5.2), உறுப்பினர் பட்டியலில் இரட்டைப் பெயர்களைக் களைதல் (5.4) மூன்றும் முடிந்தன.

பழைய சர்வரின் பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்கும் பணி (3.5) மூன்றாவது முறையாகத் தள்ளிப்போயிருக்கிறது. பேக்கப் தினமும் இரவு ஓடுகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை என்றார் இஸ்மாயில். ஓடுவது வேறு, திறப்பது வேறு. இதுவரை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி மாற்றத்தில் இறங்க முடியாது என்று தலைவர் சொன்னார். பணி ஏன் நகரவில்லை என்று பார்த்தபோது, பொறுப்பு என்ற இடத்தில் "இஸ்மாயில் / ஆனந்த்" என்று இரண்டு பெயர் இருந்தது தெரிந்தது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டார்கள்.

முடிவு 6-அ: இனி ஒரு பணிக்கு ஒரே பெயர். உதவுபவர் எத்தனை பேர் இருந்தாலும் பட்டியலில் வர வேண்டியதில்லை. பணி 3.5 இஸ்மாயில் பெயரில், 18 பிப்ரவரிக்குள். அது முடியாமல் முழுத் தரவேற்றத்துக்குக் குறிக்கும் தேதி உறுதியாகாது.

3. மாதிரித் தரவேற்றத்தின் முடிவு

கூட்டத்தின் பெரும்பகுதி இதில்தான் போனது. 500 பதிவுகளும் மார்க் 21 வடிவத்தில் பிழையின்றி ஏறின என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் தேடிப் பார்த்தால் கதை வேறு.

*அ) ஔகாரம்.* பரிமளா பெரிய திரையில் செய்து காட்டினார். தேடல் பெட்டியில் "கௌரவம்" என்று அடித்தார், ஒன்றும் வரவில்லை. "கெளரவம்" என்று, அதாவது "கெ"யும் "ள"வும் தனித்தனியாக அடித்ததும் மூன்று நூல்கள் வந்தன. திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க உற்றுப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகப் பலர் கைப்பட ஏற்றிய பதிவுகளில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ள எழுத்தே இருக்கிறது. "ஔவையார்" பாதி இடங்களில் "ஒளவையார்" என்று இருக்கிறது.

மொத்தமாக மாற்றிவிடலாமே என்று ஆனந்த் கேட்டார். கூடாது என்பது பரிமளாவின் கருத்து. "ஒள" என்பதை எல்லா இடத்திலும் "ஔ" ஆக்கினால் "ஒளி" என்று தொடங்கும் ஒவ்வொரு தலைப்பும் கெட்டுவிடும். அதே போல "தெளிவு", "வெள்ளி", "கெளுத்தி" எல்லாம் உடையும். ளகரத்துக்குப் பின் உயிர்மெய்க் குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம் என்று இஸ்மாயில் இந்தத் தேடல் விதியைத் தந்தார்:

```
(\u0BC6|\u0B92)\u0BB3(?![\u0BBE-\u0BCD])
```

மாதிரியில் இது 38 தலைப்புகளைப் பிடித்தது. 31 உண்மையான பிழை. மீதி 7 சரியான சொற்கள். பெரும்பாலும் "வெளக்கு", "வெளயாட்டு" போன்று பேச்சு வழக்கில் வைத்த தலைப்புகள். விதியை மட்டும் நம்பி ஓட்டியிருந்தால் அவை "வௌக்கு", "வௌயாட்டு" என்று ஆகியிருக்கும்.

முடிவு 6-ஆ: விதி சந்தேகப் பட்டியலை மட்டும் எடுத்துத் தரும். மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பட்டியலாக்கப் பிரிவு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யும். மொத்தமுள்ள சுமார் 42,000 பதிவுகளில் மூவாயிரத்துச் சொச்சம் இப்படி வரலாம் என்பது மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு.

*ஆ) ஒகர, ஓகாரக் குறிகள்.* "ொ" என்பதை ஒரே குறியாகவும் (U+0BCA) சேமிக்கலாம், "ெ" மற்றும் "ா" என இரண்டாகவும் (U+0BC6, U+0BBE) சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இதற்கு ஆள் உட்கார்ந்து பார்க்கத் தேவையில்லை. ஏற்றும் முன் `unicodedata.normalize("NFC", title)` என்ற வரி போதும். ஆனால் மேலே சொன்ன ளகரக் குழப்பத்தை அது தீர்க்காது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று இஸ்மாயில் குறிப்பில் எழுதச் சொன்னார்.

*இ) விரிதாளில் தொலைந்த எண்கள்.* இடையில் ஒருமுறை தரவை விரிதாளில் திறந்து சேமித்திருக்கிறார்கள். அதன் விளைவு இரண்டு. 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்கள் `9.78817E+12` என்று மாறி, சிஎஸ்வி கோப்பில் அப்படியே பதிந்துவிட்டன. கடைசி இலக்கங்கள் இனி அந்தக் கோப்பிலிருந்து திரும்பாது. அடுத்தது, "00417" என்ற சேர்க்கை எண் "417" ஆகிவிட்டது. இதுதான் ஜெனிபருக்குப் பெரிய கவலை. புத்தகத்தில் ஒட்டியிருக்கும் பார்கோடு 00417 என்றே படிக்கும். கோஹாவில் அப்படி ஒரு பிரதியே இருக்காது. "கவுன்ட்டரில் ஆள் நிற்கும்போது புத்தகம் எங்களுடையது இல்லை என்று திரை சொன்னால் நான் என்ன செய்வது, மேடம்?" என்று கேட்டார்.

நல்ல வேளையாக, நிறுவனம் தந்த மூலக் கோப்பு தொடப்படாமல் இருக்கிறது. மறுபடியும் அதிலிருந்தே தொடங்கலாம்.

முடிவு 6-இ: மூலக் கோப்பு படிக்க மட்டும் என்ற அனுமதியில் பூட்டப்படும். திருத்தங்கள் அனைத்தும் நிரல் வழியாகவே. விரிதாளில் பார்த்தே ஆக வேண்டுமென்றால் எல்லா நெடுவரிசையையும் "உரை" என்று குறித்து இறக்க வேண்டும், அதிலிருந்து திரும்பச் சேமிக்கக் கூடாது.

4. மாற்றத் தேதி

முதலில் குறித்திருந்தது 14 மார்ச், சனி. ஔகாரச் சரிபார்ப்புக்கு மட்டும் இரண்டு வாரமாவது வேண்டும் என்று பரிமளா கேட்டார். முதலில் ஏற்றிவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாம், தேதி ஒருமுறை நகர்ந்தால் நகர்ந்துகொண்டே இருக்கும் என்று ஆனந்த் வாதிட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் தேடிக் கிடைக்காத புத்தகம் இல்லாத புத்தகம் என்றே வாசகர் எண்ணிக்கொள்வார், முதல் வாரத்தில் போகும் நம்பிக்கை லேசில் திரும்பாது என்று தலைவர் முடிவாகச் சொன்னார்.

முடிவு 6-ஈ: மாற்றம் 28, 29 மார்ச் (சனி, ஞாயிறு). 30 மார்ச், திங்கள் காலை கோஹாவில் வழங்கல் தொடங்கும். பேக்கப் சோதனை தவறினால் இந்தத் தேதி செல்லாது. ஆனந்தின் மாற்றுக் கருத்து அவர் கேட்டபடி பதிவு செய்யப்படுகிறது.

5. அந்த இரண்டு நாள்

நூலகம் திறந்திருக்கும்; படிக்கலாம், இரவல் கிடையாது. திருப்பித் தரும் புத்தகங்களை வாங்கி, தேதி எழுதிய பெட்டியில் போட்டுவைத்து, திங்கள் காலை முதல் வேலையாகப் பதிய வேண்டும். காகிதப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு இரவல் தரலாம் என்ற யோசனை வந்தது. பின்னால் ஏற்றும்போது பிழை வரும் என்று ஜெனிபரே வேண்டாம் என்றார். 28 மார்ச் முதல் 3 ஏப்ரல் வரை கெடு முடியும் இரவல்கள் எல்லாம் 7 ஏப்ரலுக்கு நீட்டிக்கப்படும், தாமதக் கட்டணம் இல்லை. கட்டண விலக்குக்குக் கணக்குப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். தணிகை இல்லாததால் இது நிபந்தனையுடன் கூடிய முடிவு.

6. மற்றவை

பயிற்சி: மார்ச் மூன்றாவது வாரம், இரண்டு அணியாக. விவாதம் இல்லை. நூல் அட்டைப் படங்களைத் தேடல் பக்கத்தில் காட்டும் யோசனை நல்லதுதான், மாற்றம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைக்கப்பட்டது.

பணிப் பட்டியல் (11 பிப்ரவரி நிலவரம்)

| எண் | பணி | பொறுப்பு | கெடு | நிலை |
|---|---|---|---|---|
| 3.5 | பேக்கப்பைத் தனிக் கணினியில் மீட்டு, 20 பதிவுகளை மூலத்துடன் ஒப்பிட்டுக் காட்டுதல் | இஸ்மாயில் | 18 பிப்ரவரி | மூன்று முறை தள்ளியது. மற்றவை இதை நம்பி நிற்கின்றன |
| 5.3 | பார்கோடு கருவிகள் ஐந்தையும் கோஹாவில் சோதித்தல் | ஜெனிபர் | 20 பிப்ரவரி | மூன்று முடிந்தது |
| 6.1 | மூலக் கோப்பைப் பூட்டி, பழைய விரிதாள் நகல்களைப் பொதுக் கோப்புறையிலிருந்து நீக்குதல் | இஸ்மாயில் | 12 பிப்ரவரி | புதிது |
| 6.2 | மூலக் கோப்பிலிருந்து சேர்க்கை எண், ஐஎஸ்பிஎன் இரண்டையும் உரையாக எடுக்கும் நிரல் | இஸ்மாயில் | 20 பிப்ரவரி | புதிது |
| 6.3 | முழுத் தரவுக்கும் ஔகாரச் சந்தேகப் பட்டியல் எடுத்துத் தருதல் | இஸ்மாயில் | 23 பிப்ரவரி | 6.2 முடிந்த பின் |
| 6.4 | சந்தேகப் பட்டியலைச் சரிபார்த்து முடித்தல் | பரிமளா | 13 மார்ச் | 6.3 வந்ததும் தொடங்கும் |
| 6.5 | அலமாரியிலிருந்து 100 புத்தகம் எடுத்து பார்கோடு படித்து, இரண்டாம் மாதிரி ஏற்றத்துடன் ஒப்பிடல் | ஜெனிபர் | 6 மார்ச் | புதிது |
| 6.6 | தாமதக் கட்டண விலக்குக்கு எழுத்து மூல ஒப்புதல் பெறுதல் | ஆனந்த் | 16 பிப்ரவரி | தணிகையிடம் கேட்க வேண்டும் |
| 6.7 | இரவல் நிறுத்த அறிவிப்பை எழுதி, வாயிலிலும் மின்னஞ்சலிலும் வெளியிடல் | சரவணன் | 9 மார்ச் | 6.6 முடிந்த பின் |
| 6.8 | பயிற்சி அட்டவணை | ஆனந்த் | 2 மார்ச் | புதிது |
| 6.9 | மாற்றம் தோற்றால் பழைய மென்பொருளுக்குத் திரும்பும் வழிமுறை, ஒரு பக்கத்தில் | ஆனந்த் | 25 பிப்ரவரி | அடுத்த கூட்டத்தில் படிக்கப்படும் |

இஸ்மாயில் பெயரில் பன்னிரண்டு நாளுக்குள் நான்கு பணிகள் விழுவதைத் தலைவர் கவனித்தார். மோதல் வந்தால் 3.5 முதலில், மற்றவை அப்புறம் என்று அவரே வரிசை சொல்லிவிட்டார். கெடு தவறும் என்று தோன்றினால் அந்த நாளுக்கு முன்பே ஆனந்திடம் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வந்து சொல்வது தாமதமாகக் கருதப்படும்.

அடுத்த கூட்டம்: 25 பிப்ரவரி 2026, புதன், பிற்பகல் 3.00, இதே அறை. முதல் பொருள் 3.5.

குறிப்பில் திருத்தம் இருந்தால் 13 பிப்ரவரி, வெள்ளி மாலைக்குள் சரவணனுக்குத் தெரிவிக்கவும்.